"அது நான் பண்ணது சார்" என்று சொல்லாமல் சொல்வது எப்படி?

மாதாந்தர ரிவ்யூ நடந்துகொண்டிருந்தது. டெலிவரி ஹெட் இருந்தார், அவருக்கு மேலே ஒரு வைஸ் பிரசிடென்ட் இருந்தார், பெங்களூரிலிருந்து வீடியோவில் இன்னும் இருவர். இரவு ஓடும் பில்லிங் வேலை 5 மணி 40 நிமிடத்திலிருந்து 50 நிமிடமாகக் குறைந்ததாகத் திரையில் ஒரு ஸ்லைடு. "நல்லா இருக்கே, யார் பண்ணது?" என்று கேட்டார் வைஸ் பிரசிடென்ட். ஸ்லைடு காட்டிக்கொண்டிருந்தவர் யோசிக்கவே இல்லை. "நான்தான் சார். ரெண்டு வாரம் உட்கார்ந்து கண்டுபிடிச்சேன்."

கண்டுபிடித்தது என் சித்தி மகள். மேசையின் மறுமுனையில் லேப்டாப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். இரவு பத்து மணிக்குப் போன் செய்து, "அண்ணா, நான் என்ன சொல்லியிருக்கணும்?" என்று கேட்டாள். நானும் பதினெட்டு வருஷமாக மென்பொருள் வேலையில் இருப்பவன். அவளுக்குச் சொன்னதையும், அவள் செய்ததையும், இடையில் சறுக்கியதையும் வரிசையாகத் தருகிறேன்.

முதலில், அந்த அறைக்குள்

உங்களுக்குக் கிடைப்பது அடுத்த ஸ்லைடு வரும்வரையிலான நேரம்தான், ஏறக்குறைய அரை நிமிடம். "இல்ல சார், அது நான் பண்ணது" என்று அதில் சொன்னால், மேலே இருப்பவர்களுக்கு அது இரண்டு பேர் சண்டையாகத்தான் தெரியும். எது உண்மை என்று விசாரிக்க அவர்களுக்கு நேரமும் இல்லை, விருப்பமும் இல்லை. அதனால் உரிமை கொண்டாடாதீர்கள், விவரத்தைச் சொல்லுங்கள். அவள் சொல்லியிருக்க வேண்டியது இது:

"சார், அதுல ஒண்ணு சேர்த்துக்கிறேன். நான் அந்தக் குவெரியைப் பிரிச்சுப் பார்த்தப்போ, தேதிக்கு இன்டெக்ஸ் இருந்தும் குவெரி அதைத் தொடவே இல்ல. தேதியை ஒரு ஃபங்ஷனுக்குள்ள போட்டு எழுதியிருந்தாங்க. இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரைன்னு மாத்தினதும் நேரம் குறைஞ்சுது. ப்ரொடக்ஷனுக்கு ஏத்தினது இவர்தான். மாசக் கடைசி லோடுக்கு மட்டும் இன்னும் டெஸ்ட் பண்ணல, வெள்ளிக்கிழமை பண்ணிடறேன்."

"நான் பார்த்தப்போ" என்பது பேச்சோடு பேச்சாக வந்து போகிறது. அடுத்து காரணம் வருகிறது. அதன்பின் சக ஊழியர் உண்மையாகச் செய்த பங்கு. கடைசியில் இன்னும் முடியாத ஒரு மீதி. இதில் எல்லாவற்றையும்விட வலுவானது அந்த மீதிதான். பிறர் வேலையைத் தனதென்று சொல்பவருக்கு முடிவு தெரியும், அதிலுள்ள ஓட்டை தெரியாது. மாதக் கடைசியைப் பற்றி நீங்கள் வாயைத் திறந்ததும் அடுத்த கேள்வி தானாக உங்களிடம் வரும்.

வீடியோ கூட்டம் என்றால் சாட்டில் தட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். ஸ்லைடைப் பார்க்கும் பெரியவர்கள் சாட்டைப் பார்ப்பதில்லை. உங்கள் வேலை வரும் ஸ்லைடுக்கு முந்தைய ஸ்லைடிலேயே கை பட்டனை அழுத்தித் தயாராக இருங்கள். குரல் மட்டும் உயரக்கூடாது. அழுகையோ கோபமோ தொண்டையில் நின்றால் பேசாமல் விட்டுவிடுங்கள். அதற்கு அடுத்த வழி இருக்கிறது.

அன்று மாலைக்குள், ஒரு கணக்கு

அடுத்ததாக எதையும் செய்வதற்கு முன், ஒரு தாளில் அந்தச் சக ஊழியர் என்னென்ன செய்தார் என்று எழுதுங்கள். நீங்கள் செய்ததை எழுத வேண்டாம், அது மனப்பாடமாகவே இருக்கும்.

1979ல் மைக்கேல் ராஸ், ஃபியோரே சிகோலி என்ற இரு உளவியலாளர்கள் தம்பதிகளைத் தனித்தனியாக உட்காரவைத்து, வீட்டு வேலையில் உங்கள் பங்கு எவ்வளவு என்று கேட்டார்கள். இருவர் சொன்னதையும் கூட்டினால் பெரும்பாலும் முழுமையைத் தாண்டிப் போனது. இதில் யாரும் பொய் சொல்லவில்லை. தான் பாத்திரம் கழுவியது தனக்கு நினைவிருக்கிறது, மற்றவர் கழுவியபோது தான் அங்கே இல்லை, அவ்வளவுதான்.

என் தங்கையின் தாளில் மூன்று வரி வந்தது. ப்ரொடக்ஷனுக்கு ஏற்றியது அவர். இரவு விழித்திருந்து முதல் ஓட்டத்தைக் கண்காணித்தது அவர். ஸ்லைடு செய்ததும் அவரே. காரணத்தைக் கண்டுபிடித்ததும் திருத்தியதும் அவள். ஆக "நான்தான் கண்டுபிடிச்சேன்" என்பது பொய், ஆனால் அவருக்குப் பங்கே இல்லை என்பதும் பொய். இந்தத் தாள் இல்லாமல் பேசப் போனால் அந்த இரண்டாவது பொய்யை நீங்கள் சொல்லிவிடுவீர்கள். அவர் அதைப் பிடித்துக்கொள்வார்.

பிறகு தடயங்களைப் பாருங்கள். டிக்கெட்டில் கருத்து எழுதியது யார், எந்தத் தேதியில்? கூகுள் ஷீட், எக்செல் என்றால் Version history. நிரல் என்றால் இது போதும், பெயரின் இடத்தில் உங்கள் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள்:

```
git log --author="Your Name" --since="2 months ago" --oneline
```

இதற்கும் ஓர் எல்லை உண்டு. நீங்கள் எழுதியதை அவர் நகலெடுத்துத் தன் கணினியிலிருந்து ஏற்றியிருந்தால் அவர் பெயர்தான் வரும். அப்போது உங்களுக்குச் சாட்சி அதற்கு முந்தைய மின்னஞ்சலும் டிக்கெட்டும்தான். இன்னொன்று, ஆத்திரத்தில் எதையும் உங்கள் சொந்த ஜிமெயிலுக்கு அனுப்பிவிடாதீர்கள். பெரும்பாலான நிறுவனங்களில் அது விதிமீறல். பெயரைக் காப்பாற்றப் போய் வேலையையே இழக்க வேண்டாம்.

கூட்டக் குறிப்புக்குப் பதில்

அறையில் பேச முடியாதவர்களுக்கான வழி இது. புதிதாக ஒரு மின்னஞ்சல் எழுதினால் அது புகார் மாதிரி இருக்கும். கூட்டக் குறிப்பு அல்லது அந்த ஸ்லைடு வந்த மின்னஞ்சலுக்கே பதில் போடுங்கள். அதில் இருந்தவர்களைத் தவிர ஒருவரைக்கூடச் சேர்க்காதீர்கள். மேலிடத்தைப் புதிதாக இழுத்த மறுகணமே விஷயம் வேலையைவிட்டு உங்கள்மேல் திரும்பிவிடும்.

அவள் அனுப்பியது நான்கே வரி. ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள், சாரம் இதுதான்: "பில்லிங் ஓட்டம் குறித்துக் கூடுதல் தகவல். நான் செய்த திருத்தத்தின் விவரம் இந்த டிக்கெட்டில் இருக்கிறது. ப்ரொடக்ஷனுக்கு ஏற்றியதற்கும் இரவுக் கண்காணிப்புக்கும் அவருக்கு நன்றி. மாதக் கடைசி லோடுக்கான சோதனையை வெள்ளியன்று முடித்து முடிவை அனுப்புகிறேன்." பெரியவர்கள் யாரும் பதில் போடவில்லை. போடவும் மாட்டார்கள். அவர்கள் படித்தால் போதும்.

மறுநாள், அவரிடம் தனியாக

இங்கேதான் அவள் சறுக்கினாள். அவரிடம் பேசுவதற்கு முன்பே மதியச் சாப்பாட்டில் நாலு பேரிடம் புலம்பிவிட்டாள். ஒரு மணி நேரத்தில் அது அவர் காதுக்குப் போயிற்று. மாலையில் டீக்கடையில் சந்தித்தபோது அவர் பதிலோடு வந்திருந்தார். சாப்பாட்டு மேசையில் கிடைக்கும் ஆறுதலுக்கு இவ்வளவு விலை அதிகம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

எப்படி ஆரம்பிப்பது? நடந்ததைச் சொல்லி ஒரு கேள்வியோடு நிறுத்துங்கள். "நேத்து ரிவ்யூல, நீங்கதான் கண்டுபிடிச்சதா சொன்னீங்க. அதைக் கண்டுபிடிச்சது நான். ஏன் அப்படிச் சொன்னீங்க?" பிறகு வாயை மூடிக்கொள்ள வேண்டும். மௌனம் சங்கடமாக இருந்தால் நீங்களே "பரவாயில்ல, விடுங்க" என்று நிரப்பிவிடுவீர்கள். அப்படிச் செய்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

"ஐயோ, டென்ஷன்ல வாய் தவறிடுச்சு" என்றால் நம்புங்கள். ஆனால் மன்னிப்போடு விட்டுவிடாமல், "அந்த மெயில்லயே ஒரு வரி போட்டுடறீங்களா?" என்று கேளுங்கள். உண்மையாக வாய் தவறியவர் போட்டுவிடுவார். "டீம் வொர்க்தானே, எதுக்கு நான் நீன்னு?" என்பது இரண்டாவது வகை. அவளுக்கு வந்தது இதுதான். அதை மறுக்காமல், அதன் வழியிலேயே போக வேண்டும்: "சரிதான். அப்போ அடுத்த மாசம் அந்த ஸ்லைடை நான் காட்டறேன், ஸ்கிரீனை நீங்க ஷேர் பண்ணுங்க." டீம் வொர்க் என்று சொன்ன வாயால் இதை மறுப்பது கடினம். "நான்தான் பண்ணேன்" என்று முகத்துக்கு நேரே சாதிப்பவர் மூன்றாவது வகை. அவரிடம் வாதாடாமல் எழுந்து வந்துவிடுங்கள்.

மேலாளரிடம் எப்போது

நேரே சாதித்தால் அந்த ஒரு முறையே போதும். மற்றபடி இரண்டாவது முறை நடக்கும்போது போகலாம். கையில் தேதியும் டிக்கெட் எண்ணும் இருக்கட்டும், அவர் பங்கு எழுதிய அந்தத் தாளும் மனதில் இருக்கட்டும். "அவரைக் கண்டிங்க" என்று கேட்காதீர்கள். மேலாளருக்கு இருவரும் வேண்டும், நீதிபதி ஆக அவருக்கு விருப்பம் இருக்காது. அவரால் எளிதில் தரக்கூடியதைக் கேளுங்கள்: "இந்த வேலையோட அடுத்த கட்டத்தை ரிவ்யூல நானே சொல்றேன் சார்."

எடுத்துக்கொள்பவர் மேலாளரே என்றால்? "என் டீம் செஞ்சது" என்று மேலாளர் பேசுவது அவர் வேலையின் பகுதி, அதில் திருட்டு இல்லை. "நான் செஞ்சேன்" என்று அவர் சொன்னால்தான் பிரச்சினை. அப்போதும் அவரைத் தாண்டிப் போவதை நான் கடைசியில்தான் வைப்பேன். அப்ரைசல் படிவத்தில் நீங்களே எழுதும் பகுதி ஒன்று இருக்கும். அதில் 5 மணி 40 நிமிடம், 50 நிமிடம், காரணம், டிக்கெட் எண் ஆகியவற்றை எழுதிவிடுங்கள்.

அடுத்த முறைக்கு

வேலை முடிந்தபின் பெயர் போட முயல்வதைவிட, நடக்கும்போதே பெயரோடு நடக்கவிடுவது எளிது. வெள்ளிக்கிழமை மாலை மேலாளருக்கு இரண்டு வரி அனுப்புங்கள், இந்த வாரம் எங்கே மாட்டியது, எதை மாற்றினேன் என்று. முடிவு வருவதற்கு முன்பே சிக்கல் உங்கள் பெயரில் பதிந்திருக்கும். ஸ்லைடின் அடியில் பெயர் போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அடுத்தவர் முதலில் அழிப்பதே அதைத்தான்.

ஒபாமா காலத்து வெள்ளை மாளிகையில் பெண் அதிகாரிகள் ஓர் உத்தி வைத்திருந்தார்கள். கூட்டத்தில் ஒருத்தி முக்கியமான கருத்தைச் சொன்னதும், இன்னொருத்தி அவள் பெயரைச் சொல்லி அதைத் திரும்பச் சொல்வாள். இதற்கு உங்களுக்குத் தேவை அறைக்குள் ஒரே ஒரு ஆள்தான். கூட்டத்துக்கு முன் அவரிடம் பேசிவைத்து, அவர் வேலை வரும்போது நீங்களும் அதையே செய்யுங்கள்.

மாதக் கடைசி லோடில் அந்த ஓட்டத்துக்கு 1 மணி 20 நிமிடம் ஆனது. அடுத்த ரிவ்யூவில் என் தங்கை அதைச் சொன்னபோது, ஏன் அரை மணி கூடியது என்று வைஸ் பிரசிடென்ட் கேட்டார். அவள் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள், அந்தச் சக ஊழியர் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்லைடுகளை நகர்த்தினார். இன்றுவரை அவர் மன்னிப்புக் கேட்கவில்லை.