இரண்டு ‘மைனஸ் மூன்று’ சேர்ந்தால் ‘மைனஸ் ஆறு’ தானா?

ஒரு ஆர்சி லோ-பாஸ் ஃபில்டரின் கட்ஆஃபில் கெயின் -3 டெசிபெல். அதே மாதிரி இன்னொன்றை அதன் பின்னால் சேர்த்தால், அதே அலைவரிசையில் மொத்தம் எவ்வளவு? “-6 சார்” என்று வைவாவில் சொல்லிவிடுவோம். ஆனால் பிரெட்போர்டில் போட்டு சிஆர்ஓவில் பார்த்தால் -9.5 வரும்! தப்பு எங்கே என்று பார்ப்போம்.

முதலில் டெசிபெல். இது ஒரு விகிதத்தின் லாகரிதம், அவ்வளவுதான். பவர் விகிதம் என்றால் லாகை 10-ஆல் பெருக்க வேண்டும். பவர் என்பது வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. லாகுக்குள் இருக்கும் வர்க்கம் வெளியே வரும்போது 2 ஆகிவிடும். அதனால் வோல்டேஜ் விகிதத்துக்கு 20.

```
dB = 20 log10(Vout / Vin)
```

இப்போது 1 கிலோ ஓம் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் எடுத்துக்கோங்க.

```
fc = 1 / (2πRC) ≈ 1592 Hz
```

இந்த அலைவரிசையில் கெபாசிட்டரின் ரியாக்டன்ஸும் சரியாக 1 கிலோ ஓம். இரண்டும் சமம் என்றாலும் வெளியே பாதி வோல்டேஜ் வராது; இரண்டுக்கும் நடுவே 90 டிகிரி கட்ட வேறுபாடு இருப்பதால் 1/√2, அதாவது 0.707 பங்கு வரும். 2 வோல்ட் பீக்-டு-பீக் கொடுத்தால் 1.41 வோல்ட். 0.707-ஐ வர்க்கப்படுத்தினால் 0.5. பாதியாவது பவர்தான், வோல்டேஜ் இல்லை. ‘ஹாஃப் பவர்’ என்ற பெயர் இதனால்தான். டெசிபெலில் -3.01. இங்கே 20-க்குப் பதில் 10 போட்டால் -1.5 வரும், அப்படி வந்தால் எங்கே தப்பு என்று உடனே தெரிந்துவிடும்.

அடுத்தது கேஸ்கேட். ஸ்டேஜ்களின் கெயின்கள் ஒன்றோடொன்று பெருகும். லாக் எடுத்தால் பெருக்கல் கூட்டலாகிவிடும். 0.707 × 0.707 = 0.5 என்பதும், -3 -3 = -6 என்பதும் ஒரே கணக்கின் இரண்டு முகங்கள். ஆக 2 வோல்ட் கொடுத்தால் 1 வோல்ட் வர வேண்டும்.

ஆனால் இரண்டு ஸ்டேஜையும் நேரடியாக இணைத்தால் வருவது 0.67 வோல்ட்தான். காரணம் லோடிங். முதல் ஸ்டேஜுக்கு 0.707 என்று கணக்குப் போட்டபோது, அதன் வெளியில் எதுவுமே இணைக்கவில்லை என்று வைத்துக்கொண்டோம். இப்போதோ முதல் கெபாசிட்டருக்கு இணையாக இரண்டாவது ஸ்டேஜ் வந்து உட்கார்ந்து கரண்டை இழுக்கிறது. அதன் இம்பிடன்ஸ் அந்த அலைவரிசையில் 1.4 கிலோ ஓம் மட்டுமே. முழுச் சர்க்யூட்டையும் சேர்த்து எழுதினால் இப்படி வரும்:

```
H = 1 / (1 + 3sRC + (sRC)^2)
```

கட்ஆஃபில் sRC = j. 1-ம் -1-ம் அடிபட்டுப் போக, மிஞ்சுவது 1/(3j). கெயின் மூன்றில் ஒரு பங்கு, அதாவது -9.54 டெசிபெல். லோடிங் இல்லாவிட்டால் நடுவில் உள்ள 3-க்குப் பதில் 2 இருந்திருக்கும். கெயினும் பாதியாக இருந்திருக்கும்.

சரிசெய்ய இரண்டு வழி. ஒன்று, நடுவில் 741-ஐ வோல்டேஜ் ஃபாலோவராகப் போடுங்க: 2-ம் பின்னை 6-ம் பின்னோடு இணைத்து, முதல் ஸ்டேஜை 3-ம் பின்னில் கொடுத்தால் போதும். இன்னொன்று, ஆப்-ஆம்ப் இல்லாமல், இரண்டாவது ஸ்டேஜில் 10 கிலோ ஓம், 0.01 மைக்ரோஃபாரட் போடலாம். கட்ஆஃப் மாறாது, இழுக்கும் கரண்ட் மட்டும் பத்தில் ஒரு பங்காகும். நடுவில் இருந்த 3, 2.1 ஆகிவிடும், -6.4 டெசிபெல் கிடைக்கும்.

பஃபர் போட்ட பிறகும் ஒன்றைக் கவனிக்கணும். 1592 ஹெர்ட்ஸில் இப்போது -6 என்பதால், அது இனி மொத்த ஃபில்டரின் கட்ஆஃப் இல்லை. மொத்தம் -3 வர, ஒவ்வொரு ஸ்டேஜும் -1.5 தர வேண்டும். அது நடப்பது 0.644 மடங்கில், சுமார் 1024 ஹெர்ட்ஸில். பஃபர் இல்லாத சர்க்யூட்டில் இது இன்னும் கீழே, சுமார் 596 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும்.

அளக்கும்போது ஒரு விஷயம்: ஃபங்ஷன் ஜெனரேட்டருக்கும் பொதுவாக 50 ஓம் உள்மின்தடை உண்டு. அதனால் டயலில் வைத்த 2 வோல்ட்டை நம்பாமல், சிஆர்ஓவின் ஒரு சேனலைச் சர்க்யூட்டின் உள்ளீட்டிலேயே வைத்து, ஒவ்வொரு அலைவரிசையிலும் அங்கே வரும் அளவையே Vin ஆக எடுங்க. அதற்குப் பிறகும் ஸ்டேஜ்களைத் தனித்தனியே அளந்து கூட்டிய டெசிபெலும், சேர்த்து அளந்த டெசிபெலும் ஒத்துப்போகவில்லை என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது லோடிங்கைத்தான்.