வரி முழுவதும் கட்டியாச்சு, பிறகும் ஏன் பாக்கி?

வருமான வரி ரிட்டர்னைத் தாக்கல் செய்து சில மாதம் கழித்துப் பெங்களூரு மையத்திலிருந்து ஒரு கடிதம் வருகிறது. 143(1) பிரிவின் கீழ் அனுப்பப்படும் அறிவிப்பு அது. வரி முழுவதையும் கட்டியவருக்கு அதில் ஒரு பாக்கித் தொகை காத்திருக்கிறது. நாம் எதிர்பார்த்த வட்டியைவிடச் சில நூறோ சில ஆயிரமோ கூடுதலாக இருக்கிறது. ‘கம்ப்யூட்டர் தப்பாகக் கணக்குப் போட்டுவிட்டது’ என்று முடிவுகட்டி எதிர்ப்பு மனு போடுகிறார்கள் சிலர். ‘அரசாங்கம் கேட்டால் கட்டித்தானே ஆக வேண்டும்’ என்று கேள்வியே கேட்காமல் கட்டிவிடுகிறார்கள் வேறு சிலர். இரண்டு முடிவுமே தவறாகப் போகலாம். கட்டிய பணத்தை எதில் முதலில் வரவு வைத்தார்கள் என்று பார்க்காமல், அந்தத் தொகை சரியா தவறா என்று யாராலும் சொல்ல முடியாது.

நம்பிக்கை: சலானில் ‘வரி’ என்ற கட்டத்தில் போட்ட பணம் வரிக்குத்தான் போகும்.

மிகப் பரவலான நம்பிக்கை இதுதான். சலானில் வரிக்கு ஒரு கட்டம், வட்டிக்கு ஒரு கட்டம் என்று தனித்தனியாக இருப்பதால் இப்படி நினைப்பது இயல்பு. ஆனால் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 140A பிரிவு வேறு வரிசையைச் சொல்கிறது. ரிட்டர்னுக்கு முன் நாமே கணக்கிட்டுக் கட்டும் சுய மதிப்பீட்டு வரி அந்தப் பிரிவில்தான் வருகிறது. அதன் விளக்கத்தின்படி, கட்டிய தொகை வரி, வட்டி, தாமதக் கட்டணம் மூன்றின் கூட்டுத்தொகைக்குக் குறைவாக இருந்தால், முதலில் கட்டணத்துக்கும் அடுத்து வட்டிக்கும் கழித்து, மீதி இருப்பதைத்தான் வரியில் வரவு வைக்க வேண்டும். எந்தக் கட்டத்தில் எழுதினோம் என்பது இந்த வரிசையை மாற்றாது. ரிட்டர்னில் நாம் சலான் விவரம் தரும் இடத்தில்கூட வங்கிக் கிளையின் எண், தேதி, சலான் வரிசை எண், மொத்தத் தொகை ஆகியவற்றைத்தான் கேட்கிறார்கள்.

நகைக்கடனில் பாதிப் பணம் கட்டப் போனால் முதலில் வட்டியைக் கழித்துக்கொண்டுதான் அசலைத் தொடுவார்கள். இங்கும் அதே வழக்கம்தான், சட்டமாகவே எழுதப்பட்டிருக்கிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சம்பளத்தோடு வாடகை வருமானமும் உள்ள ஓர் ஆசிரியை. 2023-24 நிதியாண்டில் டி.டி.எஸ். போக அவர் கட்ட வேண்டிய வரி ₹1,00,000. முன்கூட்டிய வரி எதுவும் கட்டவில்லை. 2024 ஜூலை 20 அன்று ₹1,00,000 கட்டி, கெடு முடியும் முன்பே ரிட்டர்னையும் தாக்கல் செய்துவிட்டார். வட்டியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

முன்கூட்டிய வரி கட்டாததற்கு 234B பிரிவின்படி ஏப்ரலிலிருந்து மாதம் 1 சதவீதம் வட்டி. ஜூலை வரை நான்கு மாதத்துக்கு ₹4,000. நான்கு தவணைகளையும் தவறவிட்டதற்கு 234C பிரிவின்படி ₹5,050. ஆக, கட்டிய நாளில் அவர் தர வேண்டிய வட்டி ₹9,050. கெடுவுக்குள் தாக்கல் செய்ததால் தாமதக் கட்டணம் கிடையாது.

இப்போது வரிசையைப் பாருங்கள். அவர் கட்டிய லட்சத்தில் ₹9,050 வட்டிக்குப் போகிறது. மீதி ₹90,950 மட்டுமே வரியில் சேர்கிறது. ஆசிரியையின் மனதில் வரி முடிந்துவிட்டது, வட்டிதான் பாக்கி. சட்டத்தின் கணக்கில் வட்டி முடிந்துவிட்டது, ₹9,050 வரி பாக்கி. தொகை ஒன்றுதான், பெயர்தான் வேறு. ஆனால் அந்தப் பெயர் மாற்றத்துக்கு ஒரு விலை உண்டு. வட்டி பாக்கியாக இருந்திருந்தால் அது அப்படியே நின்றிருக்கும். வரி பாக்கி என்பதால் 234B வட்டி தொடர்ந்து ஓடுகிறது. அறிவிப்பு டிசம்பரில் வந்தால் ஆகஸ்டிலிருந்து ஐந்து மாதம். வட்டி கணக்கிடும்போது அசலை நூறின் மடங்காகக் கீழ்நோக்கி முழுமையாக்குவது விதி. அதனால் ₹9,000க்கு ஐந்து சதவீதம், ₹450. கடிதத்தில் வரும் பாக்கி ₹9,500.

அவர் எதிர்பார்த்தது ₹9,050. கடிதத்தில் இந்த வரவு வரிசையை விளக்கி ஒரு வரியும் இருக்காது. 234B என்ற இடத்தில் அவர் போட்ட ₹4,000க்குப் பதிலாக ₹4,450 என்று மட்டும் நிற்கும். ‘ஜூலையிலேயே வரியைக் கட்டிவிட்டேனே, டிசம்பர் வரை எப்படி வட்டி?’ என்று அவருக்குக் கோபம் வருவது நியாயம். ஆனால் அந்த ₹450 சரியான தொகைதான். இதற்கு மறுகணக்கு கேட்டு மனு போட்டால் அதே எண் திரும்பி வரும். பாக்கியைக் கட்டத் தரப்படும் முப்பது நாள் கெடுவும் அதற்குள் கடந்துபோய், 220(2) பிரிவின் வட்டி தனியாக ஏறத் தொடங்கும். இந்த இடத்தில் கட்டிவிடுவதுதான் சரி.

நம்பிக்கை: நிலைமையை எடுத்துச் சொன்னால் அதிகாரி வட்டியைக் குறைப்பார்.

குறைக்க முடியாது. 234A, 234B, 234C வட்டிகள் கட்டாயமானவை என்று அஞ்சும் காஸ்வாலா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2001இல் தீர்ப்பளித்தது. சில குறிப்பிட்ட சூழல்களில் தள்ளுபடி தரும் அதிகாரம் மிக மேல்மட்டத்தில் இருக்கிறது. மதிப்பீட்டு அதிகாரியிடம் கேட்கத் தக்கது கணக்குத் திருத்தம் மட்டுமே. மனுவில் கஷ்டங்களை எழுதுவதால் பயனில்லை. தேதியையும் தொகையையும் எழுதுங்கள்.

நம்பிக்கை: வட்டிக்கு முதலில் வரவு வைப்பதுதான் சட்டம் என்றால், அது எப்போதும் சரி.

இந்த நம்பிக்கைதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. மேலே சொன்ன விளக்கத்தை அரைகுறையாகப் படித்தவர்கள், தாங்கள் கேட்க வேண்டிய இடத்தில்கூடக் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். அந்த விளக்கம் பேசுவது ரிட்டர்னில் நாம் காட்டிய வருமானத்தின் மேல் வரும் வரியையும் வட்டியையும் பற்றித்தான். அந்தக் கூட்டுத்தொகைக்குக் குறைவாகக் கட்டினால்தான் அது வேலை செய்யும். முழுவதையும் கட்டியவரிடம் அது வரக் கூடாது.

அதே ஆசிரியை ஜூலை 20 அன்று வட்டியையும் சேர்த்து ₹1,09,050 கட்டியிருந்தார் என்று வைத்துக்கொள்வோம். பாக்கி எதுவும் இல்லை. பிறகு அவருடைய ரிட்டர்ன் விசாரணைக்கு எடுக்கப்பட்டு, 2026 மார்ச்சில் வந்த உத்தரவில் வருமானம் கூட்டப்படுகிறது. கூடுதல் வரி ₹2,00,000. மொத்த வரி இப்போது ₹3,00,000.

234B வட்டி முதல் நான்கு மாதத்துக்கு மூன்று லட்சத்தின் மேல் ₹12,000. இதில் அவர் ஏற்கெனவே ₹4,000 கட்டியிருக்கிறார். ஜூலையில் அவர் கட்டிய வரிப் பகுதி ஒரு லட்சம் என்பதால், ஆகஸ்டிலிருந்து மார்ச் வரை இருபது மாதத்துக்கு மீதி இரண்டு லட்சத்தின் மேல் வட்டி ₹40,000. வரி, வட்டி இரண்டும் சேர்த்து, கட்டிய ₹4,000ஐக் கழித்தால் பாக்கி ₹2,48,000.

வேறு விதமாகவும் கணக்கு வரலாம். ஜூலையில் கட்டிய முழுத் தொகையையும் மறுபடி கலைத்து, உயர்ந்துபோன ₹12,000 வட்டிக்கும் 234C வட்டியான ₹5,050க்கும் முதலில் கழித்துவிட்டால், வரிக்குப் போவது ₹92,000 ஆகச் சுருங்கும். அப்போது பற்றாக்குறை ₹2,08,000, அதன் மேல் இருபது மாத வட்டி ₹41,600, பாக்கி ₹2,49,600. வித்தியாசம் ₹1,600. கூட்டப்பட்ட வருமானம் பல கோடியாக இருந்தால் இதே பிழை லட்சத்தைத் தொடலாம். 2024 ஜூலையில் இல்லாத ஒரு வட்டிக்கு, அன்று கட்டிய வரியை எடுத்துக் கழிக்கிறது இந்தக் கணக்கு. 140A பிரிவின் விளக்கம் இதற்கு இடம் தரவில்லை. 234B(2) பிரிவும், 140Aஇன் கீழ் கட்டப்பட்ட வட்டியைக் கழிக்கச் சொல்கிறது. கட்டிய வரியை வட்டியாக மாற்றச் சொல்லவில்லை. இங்கே மறுகணக்கு கேட்க வேண்டும்.

முன்கூட்டிய வரியிலும் ஒரு பிழை நேரும். நிதியாண்டு முடியும் மார்ச் 31க்குள் கட்டியது முன்கூட்டிய வரி. அது முழுவதும் வரிக்குத்தான். சலானில் முன்கூட்டிய வரிக்கு 100, சுய மதிப்பீட்டு வரிக்கு 300, பாக்கி கேட்டு வந்த பிறகு கட்டுவதற்கு 400 என்று குறியீடுகள் உண்டு. மார்ச்சில் கட்டியதற்கு 300 என்று போட்டுவிட்டாலோ, மதிப்பீட்டு ஆண்டைத் தவறாகத் தேர்ந்தெடுத்தாலோ கணக்கு முழுதும் சாயும். இதைச் சரிசெய்ய முதலில் சலான் திருத்தம். வட்டியைப் பற்றிப் பேசுவது அதற்குப் பிறகு.

மறுகணக்கு கேட்பதற்கான வழி 154 பிரிவு. உத்தரவு வந்த நிதியாண்டின் முடிவிலிருந்து நான்கு ஆண்டுக்குள் கேட்கலாம். மனு கிடைத்த மாத இறுதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் அதிகாரி முடிவு சொல்ல வேண்டும். பெங்களூரு மையத்தின் அறிவிப்பு என்றால் இணையதளத்தில் Rectification பகுதியில் விண்ணப்பிக்கலாம். ஆனால் வெறுமனே ரிட்டர்னை மறுபடி பரிசீலிக்கச் சொல்லும் பொத்தானை அழுத்துவதால், உள்ளே எந்த விவரமும் மாறாதபோது, பழைய எண்ணே திரும்பும். விசாரணை உத்தரவு என்றால் அதைப் போட்ட அதிகாரியிடம்தான் மனு போக வேண்டும். அதோடு Response to Outstanding Demand என்ற இடத்தில், எந்த அளவுக்கு ஒப்புக்கொள்ளவில்லை, ஏன் என்று பதிவு செய்துவிடுங்கள். இல்லையென்றால் வேறு ஆண்டின் ரீஃபண்டிலிருந்து அந்தத் தொகையைப் பிடித்துக்கொள்ள வாய்ப்பு உண்டு.

மனுவில் கதை வேண்டாம். ஒரே பக்கத்தில் ஓர் அட்டவணை போதும்: கட்டிய தேதி, சலான் எண், அன்றைய நிலையில் ரிட்டர்ன்படி இருந்த வட்டி, வரிக்குப் போக வேண்டிய மீதி, அதன் பின் எத்தனை மாதம், எவ்வளவு வட்டி. பக்கத்தில் துறையின் எண்ணையும் எழுதி, எந்த இடத்தில் வித்தியாசம் தொடங்குகிறது என்று குறித்துக் காட்டுங்கள். 154 பிரிவில் ஆவணத்தைப் பார்த்தவுடன் தெரியும் பிழையைத்தான் திருத்த முடியும். நீண்ட வாதம் தேவைப்படும் விஷயம் அதில் அடங்காது என்று 1971இல் வோல்கார்ட் பிரதர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ‘இது விவாதத்துக்குரியது’ என்று மனு தள்ளப்பட்டால் மேல்முறையீடுதான் மிச்சம். அதற்கு உத்தரவு கிடைத்த நாளிலிருந்து முப்பது நாள்தான். பெரிய தொகை என்றால் திருத்த மனுவின் முடிவுக்காகக் காத்திருந்து இந்தக் கெடுவைத் தவறவிடாதீர்கள்.

2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருகிறது. முந்தைய ஆண்டுகளின் பாக்கிக் கடிதங்கள் பழைய சட்டத்தின்படியே நடக்கும். ஆகவே கையில் இருக்கும் கடிதத்துக்கு இங்கே சொன்ன பிரிவு எண்களையே மனுவில் எழுதுங்கள். ஒப்புக்கொள்ளும் பகுதியை 400 என்ற குறியீட்டில், பாக்கியின் எண்ணைக் குறிப்பிட்டு உடனே கட்டிவிட்டு, மறுக்கும் பகுதிக்கு மட்டும் மறுகணக்கு கேளுங்கள்.