வருத்தக்காரர் வீட்டில் வாராந்தக் கடன்: தவணையைக் குறைக்கக் கேட்பது எப்படி?

வீட்டில் உழைக்கிறவர் மாதக்கணக்கில் படுத்துவிட்டால் அரிசிக்கடைக்காரர் கொஞ்சம் பொறுப்பார். வாராவாரம் வரும் கடன் ஐயா பொறுக்கமாட்டார். 2018 இல் அரசாங்கம் பெண்களின் நுண்கடனுக்கு ஒரு நிவாரணம் கொடுத்தது உண்மை. ஆனால் அது வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுக்கு மட்டுமே. கண்டி மாவட்டம் அதில் சேரவில்லை. ஆகவே நம் பக்கத்துக் குடும்பங்கள் கடன் கொடுத்த நிறுவனத்திடம் தாமேதான் கேட்க வேண்டும். அதைக் கேட்கும் முறையை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

ஒரு குடும்பத்தை உதாரணமாக வைத்துக்கொள்வோம். மனைவி கொழுந்து எடுக்கிறார். கணவர் கண்டி டவுனில் ஒரு கடையில் வேலை செய்தவர். காசநோய் வந்து 6 மாத மருந்தில் 3 மாதம் முடிந்திருக்கிறது. இன்னும் வேலைக்குப் போக ஏலாது. மனைவி பெயரில் குழுக்கடன். வாரத் தவணை 1,900 ரூபாய்.

முதல் வேலை, நிறுவனத்தின் கிளைக்குப் போய் "இன்றைக்கு முதல் எவ்வளவு மிச்சம், வருட வட்டி எத்தனை வீதம்?" என்று கேட்டு எழுதி வாங்குவது. மிச்சத் தவணைகளைக் கூட்டிச் சொல்லும் தொகை வேறு, மிச்ச முதல் வேறு. நமது உதாரணத்தில் முதல் 45,000 ரூபாய், குறைந்துவரும் மிச்சத்துக்கு வட்டி வருடம் 28 வீதம்.

அடுத்தது வீட்டுக் கணக்கு. நல்ல மாதத்தைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். கடந்த 3 மாதச் சம்பளத் துண்டுகளில் எது குறைவோ அதை எடுங்கள். இங்கே கைக்கு வந்தது 30,000. சாப்பாட்டுக்கு 21,000, பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவு 3,500, கிளினிக்குக்குப் பஸ் காசு முதலானவை 1,700, கரண்ட் பில்லும் மற்றதும் 1,500. மிஞ்சுவது 2,300. வாரத்துக்கு 500 ரூபாய் தாங்கும். அதற்கு மேல் தாங்காது.

இங்கேதான் பலர் தவறிவிடுகிறார்கள். வெட்கத்தில் "1,200 கட்டுறேங்க" என்று சொல்லிவிட்டு இரண்டாம் வாரமே விட்டுவிடுவார்கள். அதன்பின் நீங்கள் சொல்வதை யாரும் நம்பமாட்டார்கள். மறுபக்கம், மிகக் குறைத்துக் கேட்பதிலும் பொறி இருக்கிறது. 45,000 க்கு ஒரு வார வட்டி மட்டும் சுமார் 242 ரூபாய். வாரம் 250 கட்டினால் முதல் அசையவே அசையாது. 500 கட்டினால் பாதிக்கு மேல் முதலில் கழியும்.

ஆகவே இரண்டு கட்டமாகக் கேட்கலாம். மருந்து முடியும்வரை 13 வாரத்துக்கு 500. பிறகு அவர் வேலைக்குத் திரும்பியதும் 1,000. இப்படிக் கட்டினால் ஏறக்குறைய 60 வாரத்தில் கடன் முடியும். பழைய தவணையில் 26 வாரத்தில் முடிந்திருக்கும். கூடுதலாகப் போகும் வட்டி சுமார் 5,400 ரூபாய். அதையும் தெரிந்துகொண்டே கேட்க வேண்டும். பிந்தியதற்கான தண்டப் பணம் போடவேண்டாம் என்றும் கேட்க வேண்டும்.

கடிதம் இந்த அளவு போதும்:

"கிளை முகாமையாளர் அவர்கட்கு, எனது கணவர் சுகவீனம் காரணமாக வேலைக்குச் செல்வதில்லை. வைத்தியரின் கடிதமும் எனது 3 மாதச் சம்பளத் துண்டுகளும் இணைத்துள்ளேன். வாரம் 1,900 ரூபாய் கட்ட இயலாதுள்ளது. அடுத்த 13 வாரத்துக்கு 500 ரூபாயும் அதன்பின் கடன் முடியும்வரை 1,000 ரூபாயும் கட்டச் சம்மதிக்கிறேன். தண்டப் பணம் அறவிடாதிருக்கவும், புதிய தவணை அட்டவணையை எழுத்தில் தரவும் வேண்டுகிறேன்."

நோயின் பெயரைக் கடிதத்தில் எழுதவேண்டிய அவசியமில்லை. "இத்தனை மாதம் வேலை செய்ய முடியாது" என்று வைத்தியர் எழுதினால் போதும். லயத்தில் கதை பரவுவதை யார் விரும்புவார்?

கூட்டத்தில் கடன் ஐயாவிடம் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். அவருக்குத் தவணை குறைக்கும் அதிகாரம் இருப்பது அபூர்வம். கடிதத்தை முகாமையாளரிடம் கொடுத்து, பிரதியில் திகதியும் கையொப்பமும் வாங்குங்கள். அதற்கு முன் குழுத் தலைவி அக்காவிடம் சொல்லிவிடுங்கள். நீங்கள் கட்டாததை மற்றப் பெண்களிடம் கேட்பார்கள். முன்னரே தெரிந்தால் சண்டை வராது. பதில் வரும்வரை அந்த 500 ஐக் கட்டிப் பற்றுச்சீட்டு வாங்கிக்கொண்டே இருங்கள்.

"புதுக் கடன் ஒன்று எடுத்துப் பழையதை மூடுங்க" என்று சொன்னால் உடனே கையெழுத்து வைக்கக்கூடாது. பெரும்பாலும் முதலும் கூடும், தவணையும் கூடும். கடன் எடுத்தபோது காப்புறுதிக்கென்று காசு வெட்டியிருந்தால், கணவரின் சுகவீனத்துக்கு அதில் ஏதும் கிடைக்குமா என்றும் கேளுங்கள்.

பதிலே வராவிட்டால், அல்லது வீட்டுக்கு வந்து மிரட்டினால், மத்திய வங்கியின் 1935 இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம். நமக்குக் கிட்டிய மத்திய வங்கிப் பிரதேச அலுவலகம் மாத்தளையில் இருக்கிறது. மத்திய வங்கியின் அனுமதிப்பத்திரம் பெற்ற நிறுவனமாக இருந்தால்தான் இந்த வழி பலிக்கும். கடன் புத்தகத்தையும் கடிதப் பிரதியையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.