பாதை முடிந்தது, கணக்கு?

கேள்வி: எங்கள் லயத்துக்குப் போகும் கொங்கிரீட் பாதையைத் திருத்தி முடித்துவிட்டதாக வட்டார உறுப்பினர் அறிவித்திருக்கிறார். அதில் எதைப் பார்க்க வேண்டும்?
- வாசகர், வலப்பனை

பதில்: முதலில், பாதை யாருடையது என்று பாருங்கள். பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்பட்ட பிறகுதான் தோட்டத்துக்குள் சபை செலவிட வழி தெளிவானது.

திறப்பு விழாத் தேதியைவிட, வேலை முடிந்ததாகச் சபை ஏற்றுக்கொண்ட தேதியே முக்கியம். குறைதிருத்தும் காலம் அன்றிலிருந்துதான் ஓடும். பெரும்பாலும் ஒரு வருடம். அதுவரை ஒப்பந்தக்காரரின் பணத்தில் ஒரு பங்கைச் சபை பிடித்து வைத்திருக்கும். 20 இலட்ச வேலையில் 5 சதவீதம் என்றால் ஒரு இலட்சம். அது கைமாறுவதற்குள் முறையிடுங்கள்.

செலவில் மதிப்பீட்டை அல்ல, இறுதிப் பட்டியலைக் கேளுங்கள். நீளம், அகலம், கனம் அதில் இருக்கும். கனத்தைப் பாதையின் ஓரத்தில் அளக்காதீர்கள். ஓரத்தைத் தடிப்பாகக் காட்டுவது பழைய வித்தை. நம் மலையில் கொங்கிரீட்டைவிடக் கான்தான் முதலில் ஏமாற்றும். மழை நாளில் தண்ணீர் பாதை மேலே ஓடினால், ஓரத்து மண் கரைந்து அடியில் பொந்து விழும். தடியால் தட்டினால் வெற்றொலி கேட்கும்.

இடம், தேதி, படத்துடன் சபைச் செயலாளருக்கு எழுதி, பிரதியில் முத்திரை வாங்குங்கள். உறுப்பினரிடம் வாயால் சொன்னது கோப்பில் ஏறாது. பட்டியல் தர மறுத்தால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டப்படி சபையின் தகவல் அலுவலரிடம் விண்ணப்பியுங்கள். 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவைச் சொல்ல வேண்டும்.