மரவள்ளியைத் தோண்டுவது எது?

கொல்லிமலை போன்ற காட்டோரச் சிற்றூர்களில், வீட்டுக் கொல்லையில் மரவள்ளி, சேனை, சர்க்கரைவள்ளி பயிரிடுவோர் கிழங்கு முற்றும் தருணத்தில் ஒரே இரவில் விளைச்சலை இழப்பதுண்டு. வேலி போடுமுன், வந்து போனது எது என்று அறிதல் வேண்டும்.

காட்டுப்பன்றி கூட்டமாக வரும். மூக்கால் கிளறுவதால் ஏர் ஓட்டியது போல மண் அகலமாகப் புரண்டு, செடிகள் சாய்ந்து கிடக்கும். ஈரமண்ணில் பிளந்த குளம்பும் அதன் பின்னே இரு சிறு புள்ளிகளும் பதிந்திருக்கும். முள்ளம்பன்றியோ தனியாக அல்லது இணையாக வரும். தூரடியில் குறுகலாகக் குழி பறித்துக் கிழங்கைக் கடிக்கும். மிஞ்சிய துண்டில் உளியால் செதுக்கியது போன்ற இரட்டைப் பல்தடம் காணலாம். சில வேளை உதிர்ந்த முள்ளும் கிடைக்கும்.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம்? முள்கம்பி வேலியின் அடிக்கம்பியைப் பன்றி முட்டித் தூக்கி நுழையும். முள்ளம்பன்றி அதன் கீழேயே பறித்து நுழையும். இரண்டையும் தடுப்பது மண்ணுக்குள் புதைந்த வலையே.

40 அடிக்கு 30 அடி கொண்ட கொல்லையை எடுத்துக்கொள்வோம். சுற்றளவு 140 அடி. 7 அடிக்கு ஒன்றாக 20 கல்தூண்கள், வாசலுக்கு மேலும் ஒன்று தேவை. மரக்கம்பத்தை முள்ளம்பன்றி கொறித்துவிடும். தூண்களுக்கு வெளிப்புறமாக ஓரடி ஆழம், ஓரடி அகலத்தில் வாய்க்கால் எடுங்கள். 5 அடி அகலமும் 2 அங்குலக் கண்ணும் உள்ள கனமான சங்கிலி வலையில் 3 அடி தரைக்கு மேல் நிற்கட்டும். ஓரடி கீழே இறங்கட்டும். மீதி ஓரடியை வெளிப்பக்கமாக மடித்து வாய்க்காலின் அடியில் பரப்பி, மண்ணிட்டு இறுக்குங்கள். விலங்கு வேலியை ஒட்டியே பறிக்கும். மடித்த வலை காலுக்குத் தட்டும். உள்பக்கம் மடித்தால் பயனில்லை. தரைமட்டத்தில் ஒரு தடித்த கம்பியை இழுத்து வலையுடன் முறுக்கிக் கட்டினால் பன்றி தூக்க இயலாது.

பலர் கோட்டை விடுவது வாசலில்தான். கதவின் அடியில் கல்பலகை பதித்து, இடைவெளி 2 அங்குலத்துக்கு மேற்படாமல் பாருங்கள். மழைக்குப் பின் ஒருமுறை சுற்றி வந்து, மண் அரித்த இடத்தை நிரப்புங்கள்.

செலவு அதிகம்தான். அதனால் கொல்லை முழுவதையும் வளைக்காமல் கிழங்குப் பாத்தியை மட்டும் வளைக்கலாம். பழம்புடவை, தலைமுடி, தகரச் சத்தம் ஆகியவை சில நாட்களே பலிக்கும். பிறகு விலங்கு பழகிவிடும்.

வேலியில் வீட்டு மின்சாரத்தைப் பாய்ச்சுவதும், தீனியில் வெடி வைப்பதும் ஆளையும் மாட்டையும் கொல்லும். சட்டப்படி குற்றமும் ஆகும். 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த முறைப்படி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால்தான் பன்றியைச் சுட வழியுண்டு. அதையும் வனத்துறையினரே செய்ய வேண்டும். காட்டோர வீட்டாருக்கு இது பொருந்தாது. சேதம் கண்டால் மண்ணைக் கலைக்காமல் வனச்சரக அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள்.