குழுப்படம் தரும் வாழ்த்துரை

நுழையும்முன்

பணி நிறைவு பெறுபவரை வாழ்த்திப் பேசுவது எளிது போலத் தோன்றும். ஆயினும், அவ்வுரைகளுள் பல, பெயரை மாற்றிவிட்டால் யாருக்கும் பொருந்துவனவாகவே அமைகின்றன. அலுவலகக் குழுப்படம் ஒன்றைத் துணையாகக் கொண்டு, ஒருவருக்கு மட்டுமே உரிய வாழ்த்துரையை உருவாக்கும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் ஓய்வு பெறும் வயதை எட்டிய ஊழியர், பொதுவாக அம்மாதத்தின் இறுதி நாள் பிற்பகலில் பணியிலிருந்து விடுபடுகிறார். பாராட்டு விழாவும் பெரும்பாலும் அன்றே நிகழ்கிறது. வரவேற்புரை, தலைமையுரை ஆகியவற்றைத் தொடர்ந்து உடன் பணியாற்றியோர் வாழ்த்துரை வழங்குவர். ஓய்வு பெறுபவரின் ஏற்புரையும் நன்றியுரையும் அதன்பின் வரும். வாழ்த்துரை வழங்குவோர் பலர் என்பதால் ஒருவருக்குக் கிடைப்பது மூன்று நான்கு நிமிடங்களே. அவ்வளவு சிறிய நேரத்தில் முப்பது ஆண்டுப் பணியைச் சொல்ல முயன்றால் எதுவும் மனத்தில் நிற்பதில்லை. அதிலிருந்து ஒரு நாளை மட்டும் எடுத்துச் சொல்லலாம். அந்த ஒரு நாளைத் தேடித் தருவதே குழுப்படத்தின் பயன்.

எடுத்துக்காட்டாக, ஒரு வட்டாட்சியர் அலுவலகத்தைக் கற்பனை செய்துகொள்வோம். அங்குப் பதிவறை எழுத்தர் ஒருவர் ஓய்வு பெறுகிறார். மூன்று ஆண்டுகளுக்கு முன் பணியில் சேர்ந்த இளநிலை உதவியாளர் ஒருவர் அவரை வாழ்த்திப் பேச வேண்டும். அலுவலகச் சுவரில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் எடுத்த குழுப்படம் ஒன்று மாட்டப்பட்டுள்ளது. அதில் ஐவர் நாற்காலிகளில் அமர்ந்திருக்கின்றனர். ஒன்பது பேர் பின்னால் நிற்கின்றனர். பதிவறை எழுத்தர் நிற்போர் வரிசையின் இடக்கோடியில் இருக்கிறார்.

இளநிலை உதவியாளர் முதலில் எழுதிய வரி இது: "பணிவின் காரணமாக ஐயா அவர்கள் ஓரத்தில் நிற்கிறார்கள்." கேட்பதற்கு இனிமையான இவ்வரி உண்மையாகாது. குழுப்படத்தில் அமர்வோரும் நிற்போரும் பெரும்பாலும் பதவி வரிசைப்படியே இடம் பெறுகின்றனர். நிற்போரை உயரத்திற்கேற்ப ஒளிப்படக்காரர் மாற்றி நிறுத்துவதும் உண்டு. ஆகவே, நின்ற இடத்தைக் கொண்டு குணத்தை முடிவு செய்தல் தவறு. படம் ஒரு நொடியைக் காட்டுமேயன்றி அந்நொடிக்கான காரணத்தைச் சொல்லாது. காரணத்தை அறிய, படத்தில் உள்ளவர்களிடமே கேட்க வேண்டும்.

எதைக் கேட்பது? மற்றவர்களிடம் இல்லாது அவரிடம் மட்டும் காணப்படுவது எதுவோ, அதைக் கேட்கலாம். உதவியாளர் படத்தை மீண்டும் கூர்ந்து நோக்கினார். எல்லாரும் தேய்த்த சட்டையுடன் நிற்க, பதிவறை எழுத்தரின் வலத் தோளில் மட்டும் சாம்பல் நிறத்தில் தூசிக் கறை தெரிந்தது. அப்படத்தில் இருந்த மூத்த அலுவலக உதவியாளரிடம் அதுபற்றி வினவினார். அன்று காலை மூதாட்டி ஒருவர் தம் பழைய நில ஒப்படை ஆணையின் நகல் கேட்டு வந்ததாகவும், அதைத் தேடிக்கொண்டிருந்ததால் எழுத்தர் தாமதமாக வந்து வரிசையின் ஓரத்தில் நின்றதாகவும் அவர் கூறினார்.

ஒருவர் நினைவை மட்டும் நம்பி மேடையில் பேசுதல் தகாது. படத்தில் இருந்த வேறொருவரிடமும் கேட்டபோது, வந்தவர் மூதாட்டி அல்லர், அவருடைய மகன் என்பது தெரிந்தது. மனுவில் ஆண்டு தவறாகக் குறிக்கப்பட்டிருந்ததால், அதற்கு முன்னும் பின்னும் உள்ள ஆண்டுகளின் கட்டுகளையும் எழுத்தர் அவிழ்த்துப் பார்த்தார் என்ற செய்தியும் கிடைத்தது. இரண்டாவது முறை கேட்டதால் ஒரு பிழை நீங்கியது. உரைக்கு உயிரான செய்தி ஒன்றும் சேர்ந்தது. அதன்பின் உதவியாளர் எழுதிய உரையின் பகுதி வருமாறு:

"பதிவறை எழுத்தர் ஐயா அவர்களே, நம் சுவரில் உள்ள படத்தில் உங்கள் வலத் தோளில் சிறு தூசிக் கறை இருக்கிறது. பின்வரிசையில் இருப்போருக்கு அது தெரியாது என்பதால் சொல்கிறேன். அன்று காலை ஒருவர் தம் தாயாரின் நில ஆணையைத் தேடி வந்தார். அவர் எழுதித் தந்த ஆண்டில் அக்கோப்பு இல்லை. 'இல்லை' என்று எழுதிக் கையொப்பமிட்டிருந்தால் உங்கள் கடமை முடிந்திருக்கும். நீங்களோ முந்தைய ஆண்டின் கட்டுகளை அவிழ்த்தீர்கள்; அங்கும் இல்லை. அடுத்த ஆண்டின் மூன்றாவது கட்டில் அது கிடைத்தது. அதன்பிறகே படம் எடுக்க வந்தீர்கள். நான் பணியில் சேர்ந்த முதல் வாரத்தில், 'ஒரு கோப்பு இல்லை என்று சொல்லுமுன் முன்னும் பின்னும் ஓராண்டு பார்' என்றீர்கள். அச்சொல்லின் பொருள் இந்தப் படத்தைப் பார்த்த பிறகே எனக்கு விளங்கியது. நாளை முதல் அந்தக் கட்டுகளை நாங்கள் அவிழ்ப்போம். உங்கள் தோளில் தூசி படியாத காலைப்பொழுதுகள் நெடுங்காலம் தொடர வாழ்த்துகிறோம்."

இவ்வுரையில் 'நேர்மையானவர்', 'கடமை தவறாதவர்' என்னும் அடைமொழிகள் இல்லை. எனினும் கேட்போர் அவற்றைத் தாமே உணர்கின்றனர். உரை கண்ணுக்குத் தெரியும் பொருளில் தொடங்கி, அதன் காரணத்திற்குச் சென்று, பேசுபவர் கற்றுக்கொண்டதைத் தொட்டு, வாழ்த்தில் முடிகிறது. படத்தில் தாம் இல்லை என்பதும் உதவியாளருக்குக் குறையாகவில்லை. எழுத்தர் சொன்ன அறிவுரை பன்னிரண்டு ஆண்டு இடைவெளியை இணைத்துவிடுகிறது. மனு அளித்தவரின் பெயரும் ஊரும் குறிப்பிடப்படவில்லை என்பதையும் நோக்குக. அவை பொது அவையில் சொல்லத்தக்கன அல்ல.

இவ்வகை உரையில் நேரும் பிழைகள் இரண்டு. ஒன்று, படத்தில் உள்ள பதினால்வரையும் இடமிருந்து வலமாக அறிமுகப்படுத்துவது. விழா நாயகர் அவ்வரிசையில் ஒருவராகக் கரைந்துபோவார். மற்றொன்று, படத்தில் இருப்போருள் மறைந்தவர் எவரேனும் உளரா என்று அறியாமல் வேடிக்கையாகப் பேசுவது. உறவினர் அவையில் இருந்தால் அது அவர்களைப் புண்படுத்தும்.

உரையை எழுதி முடித்தபின் விழா நாயகரின் பெயரையும் பதவியையும் நீக்கிவிட்டு, உடன் பணியாற்றும் ஒருவரிடம் படித்துக்காட்ட வேண்டும். அவர் தயங்காமல் இன்னார் என்று கண்டுகொண்டால் உரை நிறைவுற்றது. "எல்லாருக்கும் பொருந்துகிறதே" என்றால் மீண்டும் படத்திடம் செல்ல வேண்டும்.

கற்பவை கற்றபின்…

1. "பணிவின் காரணமாக ஓரத்தில் நிற்கிறார்" என்னும் வரி நீக்கப்பட்டதன் காரணத்தை விளக்குக.

2. உம் பள்ளியின் பழைய குழுப்படம் ஒன்றைப் பார்த்து, அதிலுள்ள ஆசிரியர் அல்லது அலுவலக ஊழியர் ஒருவரைப் பற்றிய ஒரு செய்தியை இருவரிடம் கேட்டறிந்து, இரண்டு நிமிட வாழ்த்துரை எழுதி வகுப்பில் பேசுக.