ஊசி போட்ட பின் எழுந்து நடக்கலாமா?

கேள்வி: என் மகளுக்கு வேர்க்கடலை ஒவ்வாமை. எபிபென் ஊசியை ஃபிரிட்ஜில் வைக்கலாமா? போட்டதும் தேறிவிட்டால் மருத்துவமனைக்குப் போக வேண்டுமா? – ஒரு வாசகி, டொராண்டோ

பதில்: ஃபிரிட்ஜ் வேண்டாம், வெயிலில் நிற்கும் காரும் வேண்டாம். சாதாரண அறை வெப்பத்தில், அவள் போகும் இடமெல்லாம் கூடவே இருக்கட்டும். சிறு ஜன்னல் வழியே தெரியும் மருந்து கலங்கியோ பழுப்பாகவோ இருந்தால் மாற்றிவிடுங்கள்.

கடலை மிட்டாய் தின்றவளுக்குத் தடிப்போடு இருமலும் மூச்சிரைப்பும் வந்தால் காத்திருக்காதீர்கள். நீல மூடியை இழுத்து, ஆரஞ்சு முனையைத் தொடையின் வெளிப்பக்கம் 'கிளிக்' கேட்கும்வரை அழுத்தி, மூன்று விநாடி பிடியுங்கள். உடைக்கு மேலேயே போடலாம்.

உடனே 911. நேரத்தைக் குறித்து, அவளைப் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு முட்டினால் காலை நீட்டி உட்காரட்டும். தேறினாலும் எழுந்து நடக்கவிடாதீர்கள்: ரத்த அழுத்தம் சட்டென்று சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். கை நடுக்கமும் படபடப்பும் மருந்தால் வருபவை, பயம் வேண்டாம். ஒவ்வாமை அறிகுறிகள் ஐந்து நிமிடத்தில் குறையாவிட்டால் இரண்டாவது ஊசி. ஆகவே இரண்டு வைத்திருங்கள். மருந்தின் வேகம் சீக்கிரம் அடங்கிவிடும், ஒவ்வாமை சில மணி நேரம் கழித்தும் திரும்பலாம். அதனால் மருத்துவமனைக்குக் கட்டாயம் போங்கள்.